மாற்று ஆசிரியருக்கு ஒரு ஃபைல்: எதை எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது?

கேள்வி: இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். நான் திடீரென்று லீவு போட்டால் வருகிற மாற்று ஆசிரியருக்காக ஒரு ஃபைல் தயார் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்றாட நடைமுறை, யார் எங்கே உட்காருவார்கள், அவசரகாலத் தகவல் எல்லாம் அதில் இருக்க வேண்டுமாம். எதை எழுதுவது, எவ்வளவு எழுதுவது?

பதில்:

இதைப் படிக்கப்போகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கமாட்டார். மணி அடித்த பிறகு, பழக்கமில்லாத இருபத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு, ஒரு கண்ணால் ஃபைலையும் இன்னொரு கண்ணால் வகுப்பையும் பார்த்தபடிதான் புரட்டுவார். கையில் மூன்று நிமிடம் இருந்தால் பெரிது. அதனால் தலைப்பு வாரியாக அடுக்குவதை விட, எது எப்போது தேவைப்படும் என்ற வரிசையில் அடுக்குவதே உபயோகமாக இருக்கும். மொத்தம் ஐந்தாறு தாளுக்கு மேல் போகவேண்டாம். இருபது பக்க ஃபைலை யாரும் திறப்பதில்லை.

முதல் தாள் ஒரே பக்கம். மேலே வகுப்பு, அறை எண், மொத்தப் பிள்ளைகள் எத்தனை பேர். அடுத்து, அலுவலகத்தை வகுப்பிலிருந்தே எப்படிக் கூப்பிடுவது: இன்டர்காம் எண்ணா, அல்லது ஒரு பிள்ளையிடம் சீட்டுக் கொடுத்து அனுப்புவதா? அதற்குக் கீழே பக்கத்து அறை ஆசிரியரின் பெயர், அவர் எந்தப் பக்கத்து அறையில் இருக்கிறார் என்பது. பிறகு கேட்டால் சரியான பதில் சொல்லக்கூடிய இரண்டு பிள்ளைகளின் பெயர். இவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். எப்போதும் கையைத் தூக்கி முன்னால் வரும் பிள்ளை, புது ஆசிரியர் வந்த நாளில் வகுப்பைத் தானே நடத்தப் பார்க்கும். அமைதியாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளைதான் இதற்குச் சரி. தாளின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: "உடல்நலக் குறிப்பு உள்ள பிள்ளைகள் மூன்று பேர். வகுப்பு தொடங்கும் முன் உறையில் உள்ள நான்காம் தாளைப் பார்க்கவும்." நோயின் பெயரை முதல் தாளில் எழுதவேண்டாம். மேஜை மேல் திறந்து கிடக்கும் தாளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள்.

இருக்கை வரைபடம்

எல்லாரும் செய்கிற ஒரு பிழை இங்கேதான் நடக்கிறது. வரைபடத்தில் கரும்பலகையைத் தாளின் மேல்பக்கம் வரைந்துவிடுவோம். அது பிள்ளை உட்கார்ந்து பார்க்கும் கோணம். மாற்று ஆசிரியர் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும், ஜன்னல் ஓரத்துப் பிள்ளையைக் கதவோரத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வகுப்பு சிரிக்கும், அதற்குப் பிறகு அடக்குவது கஷ்டம். கரும்பலகையைத் தாளின் அடியில் வரையுங்கள். கதவையும் ஜன்னலையும் கட்டாயம் குறியுங்கள். தாளை எந்தத் திசையில் பிடிப்பது என்பது அதிலிருந்துதான் புரியும்.

பெயரைப் பேனாவால் எழுதவேண்டாம். சின்ன ஒட்டுத்தாளில் ஒவ்வொரு பெயராக எழுதி ஒட்டினால், இடம் மாற்றும்போது தாளையே நகர்த்திவிடலாம். வரைபடத்தின் மூலையில் தேதி இருக்கட்டும். இரண்டு மாதப் பழைய தேதியைப் பார்த்தால் அதை முழுவதும் நம்பக்கூடாது என்று வந்தவருக்குத் தெரியும். பதிவேட்டில் உள்ள நீளமான பெயர் ஒன்றாகவும் கூப்பிடும் பெயர் வேறாகவும் இருந்தால் கூப்பிடும் பெயரைப் பெரிதாகவும் பதிவுப் பெயரைச் சின்னதாகவும் எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் நீங்கள் எப்படிப் பிரித்துக் கூப்பிடுகிறீர்களோ அதையே போடுங்கள்.

புது ஆசிரியர் வந்ததும் பிள்ளைகள் இடம் மாறி உட்காருவார்கள். குறும்புக்காகச் சிலர், நண்பன் பக்கத்தில் உட்கார ஆசைப்பட்டுச் சிலர். மேஜையில் பெயர் அட்டை வைத்திருந்தால் அட்டையோடு சேர்ந்து இடம் மாறும் சாமர்த்தியமும் உண்டு. அதனால் வருகை எடுக்கும்போதே சரிபார்க்கும் வழியைக் கொடுத்துவிடுங்கள்: "பெயர் கூப்பிட்டதும் பிள்ளை கையைத் தூக்கட்டும். கை எங்கே எழுகிறது என்று வரைபடத்தில் பார்க்கவும்." தனியாக நேரம் செலவாகாது, ஒரே சுற்றில் வருகையும் முடியும், இடமும் தெரிந்துவிடும்.

மாற்றக்கூடாத இருக்கைகளுக்கு மட்டும் ஒரு குறி போடுங்கள், ஒரு சின்னப் பூட்டுப் படம் போதும். ஒரு காதில் சரியாகக் கேட்காத பிள்ளை, கண்ணாடி போட்டும் பலகை தெரியாத பிள்ளை, கதவருகே இருந்தே ஆகவேண்டிய சக்கர நாற்காலிப் பிள்ளை, சேர்த்து வைத்தால் சண்டை வரும் இருவர். "இந்த இடத்தை மாற்றவேண்டாம்" என்பது போதும், காரணம் அந்தத் தாளில் வேண்டாம். சத்தம் போடுகிற பிள்ளையைப் பின்வரிசைக்கு மாற்றுவது புது ஆசிரியரின் முதல் யோசனையாக இருக்கும். அந்தப் பிள்ளை காது கேட்காததால்தான் பக்கத்துப் பையனிடம் "என்ன சொன்னாங்க?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நடைமுறைகள்

கால அட்டவணையை அப்படியே ஒட்டிவிட்டு நடைமுறை எழுதிவிட்டதாக நினைக்கவேண்டாம். "10:40 இடைவேளை" என்பது மணிக்கணக்கு மட்டும். வந்தவருக்குத் தெரியவேண்டியது வேறு: மணி அடித்ததும் எழுவார்களா, நீங்கள் சொன்ன பிறகா? மேஜை மேஜையாகவா, வரிசையாகவா? தண்ணீர்ப் பாட்டில் கையோடு போகுமா? வாசலில் யார் கவனிக்கிறார்கள்? திரும்பி வரும்போது எங்கே நின்று கூட்டி வருவது? கலாட்டா நடப்பது பெரும்பாலும் பாடத்தின் நடுவில் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த மூன்று நான்கு நிமிடத்தில்தான். எழுதும் நேரத்தை அங்கே செலவழியுங்கள்.

வகுப்பை அமைதிப்படுத்த நீங்கள் செய்வதை அப்படியே, வார்த்தை மாறாமல் எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி: "வலது கையை உயர்த்தி, எதுவும் பேசாமல் நிற்கவும். பார்த்த பிள்ளைகள் கையை உயர்த்தி வாயை மூடுவார்கள். கடைசிக் கை எழும்வரை பேசவேண்டாம். பத்து விநாடி ஆகலாம்." கடைசி வரி முக்கியம். அது இல்லையென்றால் மூன்று விநாடியிலேயே பொறுமை போய்க் குரலை உயர்த்துவார், பழகிய சைகை அன்றைக்கு வேலை செய்யாமல் போகும்.

கழிப்பறைக்கு ஒரு நேரத்தில் ஒருவர், ஐந்து நிமிடத்துக்குள் திரும்பவேண்டும் என்பது உங்கள் வழக்கமென்றால் அதை எழுதுங்கள். கூடவே, கேட்டதும் உடனே அனுப்பவேண்டிய பிள்ளை யாராவது இருந்தால் அதையும் எழுதுங்கள். "இப்போதுதானே போனாய்" என்ற ஒரு கேள்வியால் அந்தப் பிள்ளைக்கு நாள் முழுவதும் அவமானமாகிவிடும்.

"எங்க மிஸ் இதுக்கு விடுவாங்க" என்ற வாக்கியத்தை மாற்று ஆசிரியர் அன்றைக்குப் பலமுறை கேட்பார். எல்லா விதியையும் எழுத முடியாது, உங்கள் வகுப்பில் இதற்கு முன்னால் வந்த நான்கைந்து விஷயத்துக்குப் பதில் எழுதினால் போதும். மதிய உணவை வகுப்பிலேயே சாப்பிடலாமா, பொம்மையை மேஜை மேல் வைக்கலாமா, ஆசிரியர் மேஜையில் உள்ள கத்தரிக்கோலை எடுக்கலாமா என்ற மாதிரி.

பாடம் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. திடீர் லீவு நாளில் புதுப் பாடம் வேண்டாம். ஏற்கெனவே படித்ததைத் திருப்பிச் செய்யும் வேலையாக, இருபது இருபது நிமிடத் துண்டுகளாக, ஒரு நாளுக்கு வேண்டிய அளவுக்கு இரண்டு மடங்கு வைத்துவிடுங்கள். இருபத்தெட்டுப் பேருக்கு முப்பத்திரண்டு பிரதி எடுங்கள், கிழிப்பவரும் தொலைப்பவரும் இருப்பார்கள். புரொஜெக்டரை நம்பித் திட்டம் போடவேண்டாம், கடவுச்சொல் உங்கள் தலையில்தான் இருக்கும்.

தலைக்கணக்கு

அவசரகாலத் தகவல் என்றதும் தொலைபேசி எண்களைத்தான் எழுதத் தோன்றும். உண்மையில் அதற்கு அடித்தளம் ஒரு எண்: இந்த நிமிடம் அறையில் எத்தனை பேர் இருக்கவேண்டும்? வழக்கமான ஆசிரியருக்கு ஒரு பிள்ளை குறைந்தால் கண்ணிலேயே தெரியும். புதிதாக வந்தவருக்கு முகம் தெரியாது, எண்ணித்தான் ஆகவேண்டும். எண்ணி வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதுதான் பிரச்சினை.

பலர் அன்றைய எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைப்பார்கள். பார்க்க வசதிதான், ஆனால் தீ அலாரம் அடித்து எல்லாரும் வெளியே போனதும் கரும்பலகை உள்ளேயே நின்றுவிடும். கணினியில் மட்டும் வருகை எடுத்தாலும் இதே கதைதான். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிய ஒரு கிளிப் அட்டை, அதில் எல்லாப் பெயரும் அச்சிட்ட தாள், கயிற்றில் கட்டிய பென்சில் போதும். யார் அறையை விட்டுப் போனாலும் ஆசிரியரே பெயரையும் எங்கே போகிறார்கள் என்பதையும் எழுதி, திரும்பி வந்ததும் அடிக்கவேண்டும்.

ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் 28 பேர். இரண்டு பேர் வரவில்லை, ஆக 26. 11:10க்கு மீரா வாசிப்பு உதவி வகுப்புக்குப் போகிறாள், அட்டையில் "மீரா, வாசிப்பு அறை". 11:20க்குக் கவின் கழிப்பறைக்குப் போகிறான், "கவின், கழிப்பறை". 11:23க்கு அலாரம். மாற்று ஆசிரியர் அட்டையை எடுத்துக்கொண்டு வகுப்பை வெளியே கூட்டிப்போகிறார். மைதானத்தில் எண்ணினால் 24 வரவேண்டும். வந்தால், பொறுப்பாளரிடம் சொல்லவேண்டியது: "24 பேர் இங்கே. இருவர் வெளியே, மீரா வாசிப்பு அறை, கவின் கழிப்பறை." அவ்வளவுதான். மீராவை வாசிப்பு ஆசிரியர் தன் கணக்கில் சொல்வார். கவினைத் தேடுவது பொறுப்பாளரின் வேலை. மாற்று ஆசிரியர் 24 பேரை விட்டுவிட்டு உள்ளே திரும்பக்கூடாது. இதை ஃபைலில் தனி வரியாக எழுதுங்கள், ஏனென்றால் நல்ல மனசுக்காரர்கள்தான் உள்ளே ஓடுவார்கள்.

எண் சரியாக வந்தாலும் அதோடு நிறுத்தக்கூடாது. கவின் ஒருவேளை அலாரத்துக்கு முன்பே திரும்பி வந்திருந்து, அட்டையில் அடிக்க மறந்திருக்கலாம். அதே சமயம் வேறொரு பிள்ளை தாழ்வாரத்தில் பக்கத்து வகுப்பு வரிசையில் சேர்ந்திருக்கலாம். அப்போதும் எண்ணிக்கை 24தான் வரும், ஆனால் ஆள் தவறு. அதனால் முதலில் தலையை எண்ணவேண்டும், உடனே பெயர் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே ஒன்று பழக்கியிருக்கவேண்டும்: வகுப்புக்கு வெளியே இருக்கும்போது அலாரம் கேட்டால் வகுப்புக்குத் திரும்பாமல், பக்கத்தில் இருக்கும் பெரியவரோடு வெளியேறி அவரிடம் தன் வகுப்பைச் சொல்லவேண்டும்.

வெளியேறும் வழியை எழுதும்போது "கிழக்கு வாசல்" என்று எழுதினால் புதியவருக்குப் புரியாது. "கதவை விட்டு வெளியே வந்ததும் வலது பக்கம், படிக்கட்டு, கீழே இறங்கி நேராக மைதானம், மஞ்சள் கம்பத்தருகே நம் வகுப்பு நிற்கும்" என்று காலால் நடப்பதுபோல் எழுதுங்கள். அந்த வழி அடைபட்டிருந்தால் அடுத்த வழி எது என்பதும் வேண்டும். பக்கத்து அறை ஆசிரியரிடம் பேசி, அவர் வகுப்பு வரிசைக்குப் பின்னாலேயே உங்கள் வகுப்பு வரும்படி ஏற்பாடு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. வழி தெரிந்தவர் முன்னால் போவார், மாற்று ஆசிரியர் கடைசியாக வந்து பின்தங்குபவரைப் பார்த்துக்கொள்ளலாம். படியிறங்க உதவி வேண்டிய பிள்ளை இருந்தால் எந்த ஊழியர் வந்து கூட்டிப்போவார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். அந்த ஊழியரும் லீவென்றால் அடுத்தவர் யார் என்பதும் வேண்டும்.

வெளியேறச் சொல்லும் அலாரமும், உள்ளேயே கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கச் சொல்லும் அறிவிப்பும் உங்கள் பள்ளியில் வேறுவேறாக இருந்தால் இரண்டு ஒலியையும் விவரியுங்கள்: நிற்காமல் அடிக்கும் மணியா, விட்டு விட்டு அடிப்பதா, ஒலிபெருக்கியில் சொல்வார்களா. ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால், செய்வது நேர் எதிராகிவிடும்.

உடல்நலக் குறிப்பு

ஒரு பிள்ளைக்கு ஐந்து வரி: என்ன பிரச்சினை, எது தூண்டும், ஆரம்பத்தில் எப்படித் தெரியும், என்ன செய்வது, மருந்து எங்கே. இதில் மூன்றாவது வரியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவோம். "ஆஸ்துமா உள்ளது" என்று மட்டும் எழுதினால் புதியவர் பெரிய மூச்சுத்திணறலுக்காகக் காத்திருப்பார். "விளையாட்டுக்குப் பிறகு அடிக்கடி இருமுவாள், தோள் உயர்ந்து உயர்ந்து இறங்கும், முழு வாக்கியம் பேசமாட்டாள். இன்ஹேலர் கேட்கும் பழக்கமில்லை, நாம்தான் கேட்கவேண்டும்" என்று எழுதினால் அவர் பத்து நிமிடம் முன்பே கவனிப்பார்.

கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எபிநெஃப்ரின் தானியங்கி ஊசி இருந்தால், அது அலுவலகத்தில் பூட்டிய அலமாரியிலா, வகுப்பிலா என்று எழுதுங்கள். சாவி யாரிடம் என்பதும் அதிலேயே வரவேண்டும். ஊசி தொடையின் வெளிப்புறத்தில் போடுவது. முகம் வீங்குவது, குரல் கம்முவது, திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் ஆகியவை தெரிந்தால் பிள்ளையை நடக்கவைத்து அலுவலகத்துக்கு அனுப்பக்கூடாது. படுக்கவைத்து, மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உட்காரவைத்து, மருந்தையும் ஆளையும் அங்கே வரவழைக்கவேண்டும். ஊசி போட்ட பிறகு பிள்ளை தெளிந்தாலும் ஆம்புலன்ஸ் கூப்பிடுவதை நிறுத்தக்கூடாது, அறிகுறி திரும்ப வரலாம்.

வலிப்பு வரும் பிள்ளையென்றால்: தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கவேண்டும், சுற்றியுள்ள நாற்காலியை நகர்த்தவேண்டும், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைக்கவேண்டும். கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக்கூடாது, வாய்க்குள் எதையும் திணிக்கக்கூடாது. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். அந்தப் பிள்ளையின் மருத்துவர் வேறு கணக்குக் கொடுத்திருந்தால் அதுதான் செல்லும். மற்ற இருபத்தேழு பேரை யார் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள்: பக்கத்து அறை ஆசிரியரைக் கூப்பிட்டு அவர்களை அங்கே அனுப்பிவிடலாம்.

மருந்து கொடுக்க யாருக்கு அனுமதி என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். மாற்று ஆசிரியர் தானே கொடுக்கலாமா, கொடுக்கும் ஊழியரைக் கூப்பிட மட்டும் வேண்டுமா என்பதைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு ஒரே வரியில் எழுதிவிடுங்கள். சந்தேகத்தோடு நிற்பவர் தாமதிப்பார். இந்தத் தாளை மூடிய உறையில் வையுங்கள், ஒட்டிவிட வேண்டாம். பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத்தான் உறை, அவசரத்தில் கிழித்துக்கொண்டிருக்க அல்ல.

வீட்டுக்கு அனுப்பும் நேரம்

புது ஆசிரியருக்கு ஒரு நாளின் மிக ஆபத்தான இருபது நிமிடம் இதுதான். முகம் தெரியாத பிள்ளைகளை முகம் தெரியாத பெரியவர்களிடம் ஒப்படைக்கவேண்டும். அதனால் பெயர் வாரியாக ஒரு தாள் தனியாக இருக்கட்டும்: வேன், பேருந்து, நடை, பெற்றோர் வந்து அழைப்பது, பள்ளியிலேயே மாலை வகுப்பு. பெற்றோர் வரும் பிள்ளைக்கு எதிரே அழைத்துப்போக அனுமதி உள்ளவர்கள் யார் என்பதும். இன்னாரிடம் ஒப்படைக்கக்கூடாது என்று பள்ளிக்குத் தெரிந்த பிள்ளை இருந்தால் காரணம் எழுதாமல் "அலுவலகம் வழியாக மட்டும்" என்று எழுதுங்கள்.

"இன்னைக்கு நான் ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன், அம்மா சொன்னாங்க" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். உண்மையாகவும் இருக்கலாம். பிள்ளை சொன்னதை வைத்து எதையும் மாற்றக்கூடாது, அலுவலகத்தில் கேட்டு உறுதியானால்தான் மாற்றவேண்டும் என்று எழுதுங்கள். அழைக்க யாரும் வராத பிள்ளையோடு எத்தனை மணிவரை வகுப்பில் இருக்கவேண்டும், பிறகு எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்பதும் வேண்டும்.

எங்கே வைப்பது, எப்படிச் சோதிப்பது

மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருப்பவர்கள் நிறையப் பேர். மற்ற தாள்கள் மேஜை மேல் எளிதில் தெரியும் சிவப்பு ஃபைலில் இருக்கட்டும். உடல்நல உறையையும் வீட்டுக்கு அனுப்பும் தாளையும் அலுவலகத்தில் வைத்து, வருகிறவர் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போகும்படி செய்யலாம். ஃபைலுக்கு இன்னொரு பிரதியும் அலுவலகத்தில் இருக்கட்டும். மாதத்தின் முதல் வேலை நாளில் இரண்டு பிரதியையும் சேர்த்துத் திருத்துங்கள். ஒன்றை மட்டும் திருத்தினால் எது புதியது என்ற குழப்பம் வரும். மருந்தின் காலாவதித் தேதியையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

எழுதி முடித்ததும் உங்கள் வகுப்பைத் தெரியாத ஒரு சக ஆசிரியரிடம் மூன்று நிமிடம் கொடுத்துவிட்டு, கரும்பலகை முன்னால் நிற்கச் சொல்லிக் கேளுங்கள்: ஜன்னல் ஓரம் இரண்டாவது மேஜையில் யார்? இடைவேளைக்கு எப்படி வெளியே அனுப்புவாய்? இன்ஹேலர் எங்கே? இன்று மாலை வேனில் எத்தனை பேர்? அவர் தடுமாறும் இடத்தில் தாளைத் திருத்துங்கள். வாயால் விளக்கிவிட்டு விட்டுவிடாதீர்கள், அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

ஃபைலின் கடைசியில் மாற்று ஆசிரியர் நிரப்ப அரைத்தாள் ஒன்று: வராதவர்கள், சீக்கிரம் போனவர்கள், அடிபட்டவர்கள், மருந்து கொடுத்திருந்தால் நேரம், ஒவ்வொரு பாடத்திலும் எந்தப் பக்கத்தில் நின்றது. "நாள் எப்படிப் போனது?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாகப் போனது" என்றுதான் எழுதிவைப்பார். இடைவேளையில் தலையில் அடிபட்ட பிள்ளையைப் பற்றி மறுநாள் அதன் அம்மா சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவரும்.